காலும் கொம்பும்: உயிர்மெய் எழுத்துகளைத் தடவவிட்டும் ஆடவிட்டும் கற்றுக்கொடுக்கும் முறை

"க, கா, கி, கீ" என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் அட்டவணையின் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் காட்டியது 'கே' என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் விரல் நேராக அந்த வரியின் தொடக்கத்துக்குப் போகும். க-வில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து 'கே'யில் நிற்கும். பதில் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இரட்டைக்கொம்பைத் தெரியாது, பாட்டுதான் தெரியும். அதே கொம்பு 'டே'யிலும் 'லே'யிலும் வரும்போது அது முழிக்கும்.

பேச்சுத் தமிழ் தெரிந்து, எழுத்து தெரியாத ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். அவர்களுக்குத் தடவிப் பழகும் நேரம் குறைவாக இருந்தால் போதும்.

247 எழுத்துகள் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெய்யெழுத்துகளின் அடிப்படை உருவம் 18. அவற்றோடு புள்ளி, கால் (ா), விலங்கு (ி), சுழித்த விலங்கு (ீ), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை) என ஏழு குறிகள். இந்த 25 வடிவங்களை வைத்து 180 எழுத்துகளை எழுதிவிடலாம். ஒகரமும் ஓகாரமும் கொம்பும் காலும் சேர்ந்து வருபவை, புதிதாக எந்தக் குறியும் வேண்டியதில்லை. உண்மையில் தொல்லை தருபவை உகர, ஊகார வரிசைகள் மட்டும்தான். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைப்போம்.

ஐந்து எழுத்தில் ஆரம்பம்

அகர வரிசைப்படி க, ங, ச, ஞ என்று தொடங்க வேண்டாம். ங-வையும் ஞ-வையும் வைத்துப் பிள்ளையால் எந்தச் சொல்லையும் எழுத முடியாது. உருவமும் சிக்கல். எழுத எளிதாகவும் உடனே சொல் உண்டாகும்படியும் இருக்கும் எழுத்துகளே முதலில் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ட, ப, ம, பிறகு க, ல. ட என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. ஏறிய கோட்டை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ம. ஒரே கையசைவு நீண்டுகொண்டே போகிறது. ம-வைக் கற்றதும் புள்ளியையும் கொடுத்துவிடுங்கள். 'படம்', 'மடம்', 'பட்டம்' எல்லாம் வந்துவிடும். புள்ளியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிள்ளை 'படம' என்றே எழுதிப் பழகி, பிறகு ஒவ்வொரு சொல்லிலும் புள்ளியை மறக்கும்.

எழுத்துக்குப் பெயர் வைத்து, 'பானா', 'டானா' என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது இந்தப் பெயர்கள் குறுக்கே வரும். பானா, டானா, இம்மன்னா என்று சொன்ன பிள்ளைக்கு அது 'படம்' ஆவது எப்படி என்று விளங்காது. ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

தடவுவது எதற்கு, எதுவரை

முதலில் விரல், அப்புறம்தான் பென்சில். உப்புத்தாளில் ஒரு சாண் உயரத்துக்கு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். இல்லையென்றால் தட்டில் மணலைப் பரப்பிக்கொண்டாலும் போதும். தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பச்சைப் புள்ளி. நீங்கள் ஒரு முறை மெதுவாகத் தடவிக் காட்டுங்கள். பிள்ளை உங்களுக்கு எதிரில் இருந்தால் எழுத்து தலைகீழாகத் தெரியும், அதனால் பக்கத்தில் உட்காரவையுங்கள். விரல் நகரும்போது 'ப' என்ற ஒலியையும் வாய் சொல்ல வேண்டும். விரல் நிற்கும்போது ஒலியும் நிற்கட்டும்.

மூன்று முறை தடவியதும் அட்டையைக் கவிழ்த்துவிட்டு, காற்றிலோ மணலிலோ ஒரு முறை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். இந்த நான்காவது முறையில்தான் படிப்பு நடக்கிறது. தடவிக்கொண்டே இருந்தால் கை கோட்டின் பின்னால் போகுமே தவிர, உருவம் மனத்தில் பதியாது. புள்ளிக்கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக அழகாக எழுதிய பிள்ளை, வெற்றுத் தாளைக் கொடுத்ததும் விழிப்பது இதனால்தான். பென்சிலுக்கு வந்த பிறகும் இதே ஒழுங்குதான்: முதலில் முழுக் கோடு, அடுத்து புள்ளிக்கோடு, அதற்கடுத்துத் தொடக்கப் புள்ளி மட்டும், கடைசியில் வெற்றிடம். நான்கையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் எழுத்துக்கு ஒரு வரியே போதும். புள்ளிக்கோட்டிலேயே ஒரு வாரம் ஓட்டுவதில் பயனில்லை.

பிள்ளை தடவும்போது தாளைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பென்சில் நின்று நின்று போனால் அது எழுதவில்லை, புள்ளிகளை இணைக்கிறது. அப்போது பென்சிலை வாங்கி வைத்துவிட்டு மறுபடி மணலுக்குப் போங்கள், உருவமும் பெரிதாக இருக்கட்டும். இன்னொன்று திசை. ட-வின் அடிக்கோட்டை வலமிருந்து இடமாக இழுத்தாலும் பார்க்க ட மாதிரியேதான் இருக்கும். ஆனால் 'டி'யும் 'டு'வும் ட-வின் வலது முனையில்தான் கிளம்புகின்றன. அங்கே கோட்டை முடித்த கை அப்படியே மேலே ஏறினால் 'டி', கீழே வளைந்தால் 'டு'. தப்பான பக்கத்தில் முடித்த கை ஒவ்வொரு முறையும் தாளை விட்டு எழும்பித் தாவ வேண்டியிருக்கும். அழகுக்காக இல்லை, இதற்காகத்தான் திசையை முதல் நாளே கண்டிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன்.

காலை வைத்து ஆடுவது

ஐந்து எழுத்து வந்ததும் அடுத்த ஐந்துக்கு ஓடாமல் காலைக் கொண்டுவாருங்கள். அட்டைகளில் ப, ட, ம, க, ல, ம், ல் என்று எழுதி அடுக்குங்கள். கால் மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், சிவப்பு மையில் இருக்கட்டும். மேசையில் 'படம்' இருக்கிறது. பிள்ளை வாசிக்கிறது. ப-வுக்கு வலப்பக்கம் காலைச் செருகுங்கள். "இப்போ?" என்று கேளுங்கள். பேச்சுத் தமிழ் தெரிந்த பிள்ளை ஒலியை நீட்டிப் பார்த்து 'பாடம்' என்று சொல்லும்போது முகத்தில் தெரியும், பிடித்துக்கொண்டது என்று.

இதற்குத் தமிழில் சொற்கள் ஏராளம்: கல், கால், பல், பால், மடம், மாடம், பலம், பாலம், கலம், காலம். ஆட்டம் இதுதான். நீங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளை காலை வைக்கவோ எடுக்கவோ வேண்டும். பத்துச் சொல்லில் எட்டு சரியாக வந்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள், பிள்ளை சொல்லட்டும், நீங்கள் வையுங்கள். இடையிடையே வேண்டுமென்றே தப்பாக வைத்து, பிடிக்கிறதா பாருங்கள். பென்சில் பிடிக்கவே சிரமப்படும் சின்னக் கைக்கும் இது சொல்வதெழுதல்தான், எழுதும் பாடு மட்டும் இல்லை.

ர-வை இந்தக் கட்டத்தில் கொண்டுவர வேண்டாம். காலுக்கும் ர-வுக்கும் உருவத்தில் உள்ள வித்தியாசம் கீழே சாய்ந்து இறங்கும் ஒரு சின்னக் கோடுதான். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் 'மரம்' என்பதை 'மாம்' என்று வாசிக்கும். கால் நன்றாகப் பழகிய பிறகு ர-வைக் கொடுத்து, சாய்கோட்டை மட்டும் வேறு நிறத்தில் தடவவிடுங்கள். ன, ண இரண்டுக்கும் இதே விதி. ரெண்டு சுழி நிலைத்த பிறகுதான் மூணு சுழி.

சுழித்தால் நீளும்

அடுத்தது விலங்கு. ன, த, ந மூன்றையும் சேர்த்துக்கொண்டால் மின், மீன். நிதி, நீதி என்று ஜோடிகள் கிடைக்கும். ி-யில் ஒரு சுழி கூடினால் ீ. இதை நன்றாகச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் ெ-வில் சுழி கூடினால் ே வரும்போதும் இதே கதைதான். பிள்ளை தடவும்போது குறிலுக்குச் சட்டென்று விரலை எடுக்கட்டும், நெடிலுக்குச் சுழியைச் சுற்றி முடிக்கும்வரை ஒலியை இழுக்கட்டும். இரண்டு அளவு ஒலிக்கு இரண்டு அளவு அசைவு. 'டி'யும் 'டீ'யும் மற்ற எழுத்துகள் போல மேலே ஒட்டாமல் அடிக்கோட்டிலிருந்தே ஏறுவதால் அவற்றுக்குத் தனி அட்டை போடுங்கள்.

கொம்பில்தான் தடுக்கும்

இதுவரை வந்த குறிகள் எழுத்துக்கு வலப்பக்கத்திலோ மேலேயோ இருந்தன. காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் ஒன்றாக இருந்தன. கொம்பு வந்ததும் அது மாறிவிடுகிறது. 'மெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் ம் வருகிறது, பிறகுதான் எ. எழுதும்போதோ எ-க்குரிய கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ம-வை எழுத வேண்டும். இந்த முரண்பாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் பழக்க வேண்டும்.

நல்ல வாசிப்பு வந்துகொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி 'மலை' என்பதை 'மைல' என்று வாசித்தாள். 'கலை'யை 'கைல' என்றாள். 'படை' அவளுக்கு 'பைட'. கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவள் மிகவும் ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறாள். அதுவரை கற்ற காலும் விலங்கும் தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்பவை. அந்த விதியையே ை-க்கும் போட்டு, அதை முன்னால் இருந்த ம-வோடு சேர்த்துவிட்டாள். மூன்று சொல்லிலும் ஒரே மாதிரி பிசகியதே அதற்குச் சான்று. இப்படி ஒரே திசையில் தப்பு வந்தால் திட்டுவதிலோ திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வதிலோ பலனில்லை. விதியை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

முதலில் தாளில் ஒரு கூட்டல் குறி வடிவத்தில் ஐந்து கட்டம் போட்டோம். நடுக் கட்டம் எழுத்துக்கு, மேல்கட்டம் புள்ளிக்கும் விலங்குக்கும், வலக்கட்டம் காலுக்கு, இடக்கட்டம் கொம்புக்கு. கீழ்க்கட்டம் உகரம் வரும்வரை காலி. நடுவில் ல-வை வைத்து, குறிகளை ஒவ்வொன்றாக அதன் கட்டத்தில் வைக்கச் சொன்னேன். 'லா', 'லி', 'லெ', 'லை'. குறி மாறினாலும் ல நடுக் கட்டத்தை விட்டு நகரவில்லை. கொம்பு தனக்கு வலப்பக்கத்தில் உள்ள எழுத்துக்குச் சொந்தம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தது ஆளெழுத்து ஆட்டம். இதற்கு நாலைந்து பிள்ளைகள் வேண்டும். ஆள் குறைந்தால் நாற்காலிகளில் அட்டையைச் சாய்த்தும் ஆடலாம். ஒருவர் கையில் ம, ஒருவர் கையில் ல, ஒருவர் கையில் ை. 'மலை' என்றதும் மூவரும் வரிசையாக நிற்க வேண்டும், ஒரே ஒலிக்குச் சேர்ந்தவர்கள் கைகோர்த்துக்கொள்ள வேண்டும். ை-யும் ல-வும் கைகோர்க்கும்போது ம தனியே நிற்கும். பிறகு 'மாலை' என்று சொல்லுங்கள். கால் ஓடிவந்து ம-வின் வலக்கையைப் பிடிக்கும். இப்போது இரண்டு ஜோடி, நடுவில் காலும் ஐகாரக் கொம்பும் முதுகு காட்டிக்கொண்டு நிற்கின்றன. தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருந்தாலும் கைகோர்க்கக் கூடாது. சிறுமியின் பிசகு இருந்த இடம் துல்லியமாக அதுதான்.

மூன்றாவதாகத் தாளுக்குத் திரும்பி, வாசிக்க வேண்டிய சொற்களில் கொம்பிலிருந்து எழுத்துவரை அடியில் ஒரு சின்ன வளைகோடு போட்டுக் கொடுத்தேன். பிறகு வளைகோட்டை அவளே போட்டுவிட்டு வாசித்தாள். பிழை இல்லாமல் வந்ததும் கோட்டை நிறுத்திவிட்டோம். ஊன்றுகோலை வெகுநாள் கையில் கொடுத்தால் அது இல்லாமல் நடக்க வராது.

எழுதும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். சொல்லைக் கேட்டவுடன் பென்சிலை வைக்காமல் அந்த எழுத்தின் ஒலியை முழுதாக ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லி, "கொம்பு உண்டா?" என்று கேட்டுக்கொண்டு, பிறகு எழுதச் சொல்லுங்கள். ம-வை எழுதிவிட்டுப் பின்னால் நெருக்கிக் கொம்பைச் செருகியிருப்பது தெரிந்தால் இந்த நிறுத்தம் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பெட்டி, பேட்டி. மெல், மேல் என்ற ஜோடிகளில் எளிதாகப் பிரியும். அதன்பின் ஒகரம் தானாக வரும். கட்டத்தில் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், நடுவில் க. 'கொ'. கொம்பு அட்டையை மட்டும் சுழித்ததாக மாற்றினால் 'கோ'. கொடி, கோடி. கால் இரண்டிலும் மாறவில்லை, நீளத்தைச் சொல்வது கொம்புதான் என்பதைப் பிள்ளையே கண்டுசொல்லும்வரை காத்திருங்கள். 'கொ'வை 'கெ-ஆ' என்று உடைத்து வாசித்தால் மறுபடி கைகோர்க்கும் ஆட்டம்தான் மருந்து: இம்முறை மூன்று பேர் ஒரே ஒலி.

வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் காட்டும்போது ஒரு குழப்பம் வரலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் ணா, றா, னா ஆகியவற்றையும், அவற்றின் ஒகர ஓகாரங்களையும் முன்பு வேறு உருவத்தில் எழுதினோம். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு இந்த 13 எழுத்துகளும் மற்றவை போலவே காலும் கொம்பும் பெற்றன. பழைய 'லை'யில் குறி எழுத்தோடு பிணைந்தே இருக்கும். கற்கும் காலத்தில் பிள்ளையின் கண்ணில் ஒரே உருவம் படுவது நல்லது. பழையது பிறகு, வாசிக்க மட்டும்.

உகரம்: மூன்று குவியல்

இங்கே செருகும் பிளாஸ்டிக் குறி உதவாது, எழுத்தின் உருவமே மாறுகிறது. அதனால் 18 உகர எழுத்துகளையும் முழு அட்டைகளாக எழுதி, வால் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் வளைந்து அடியில் போகும். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழிறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே இறங்கிச் சுற்றி வலப்பக்கம் ஏறும். குவியலைப் பிள்ளையே பிரித்தால் நினைவில் நிற்கும். நீங்கள் பிரித்துக் கொடுத்தால் அது இன்னொரு ஒப்பித்தல் ஆகிவிடும். ஒவ்வொரு குவியலிலும் ஒரே ஓர் எழுத்தை மணலில் தடவவிடுங்கள்: டு, பு, து. மற்றவற்றை அதைப் பார்த்து எழுதிவிடும். நடைமுறையில் ஙு வரவே வராது, ஞு அரிது, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஊகாரத்தில் மூன்றாம் குவியல் எளிது. து-வுக்குக் கால் வைத்தால் தூ, நு-வுக்கு நூ. டு, மு, ரு போன்றவை சுழித்து நீளும். கூ, சூ இரண்டும் தனி ஜோடி, பூ, யூ, வூ இன்னொரு ஜோடிக்கூட்டம். இவற்றைச் சொல்லோடு கொடுங்கள்: குடை, கூடை, சுடு, சூடு. கவிழ்த்துவைத்த அட்டைகளில் ஜோடி தேடும் ஆட்டத்துக்கு இந்த வரிசைதான் மிகப் பொருத்தம். ஒரு சமயத்தில் ஆறு ஜோடிக்கு மேல் போட வேண்டாம். எடுத்த அட்டையை வாசித்தால்தான் ஜோடி சொந்தம்.

வந்துவிட்டதா என்று பார்ப்பது

பழகிய சொல்லைக் கொடுத்தால் பிள்ளை ஊகித்துவிடும். அதனால் பொருளில்லாத ஒலிகளைக் கலந்து எழுதுங்கள்: டே, லீ, மொ, நை, லூ, டோ. வரிசை மாற்றிப் பத்து எழுத்து. எங்கே தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'டே'யில் நின்று 'ட, டா, டி' என்று உள்ளுக்குள் முணுமுணுத்தால் குறி இன்னும் தனியாகத் தெரியவில்லை, கட்டத்துக்குத் திரும்புங்கள். 'லீ'யை 'லி' என்றால் குறில் நெடில் ஜோடிகள் போதவில்லை. 'நை'யை மட்டும் விட்டால் கொம்பு ஆட்டம் ஒரு தடவை. எழுத்தே மாறி, ல-வை வ என்றால் குறியில் கோளாறு இல்லை. அந்த இரண்டு எழுத்தையும் மணலில் அடுத்தடுத்துத் தடவவிட்டு, வேறுபடும் இடம் எது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள்.

ஔகாரத்தை மௌனம் போன்ற ஒன்றிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் வலப்பக்கக் குறி ள போலவே இருப்பதால், ள-வை நன்றாக எழுதத் தெரிந்த பிறகே அதைத் தொடுங்கள்.